கைத்தொலைபேசியும் களவும்



இலண்டன் மாநகரிலே மாலை ஐந்தரை மணி. நிலத்தடிப் புகையிரத நிலையத்தின் படிகளில் ஏறி ஒரு பெண் வீதிக்கு வருகிறாள். தான் போகவேண்டிய இடம் எத்திசையில் உள்ளது என்று அறிவதற்காகத் தன் கைத்தொலைபேசியை எடுத்து, அதிலே தெரியும் நகரப் படத்தைப் பார்த்தவண்ணம் நடைபாதையின் ஓரத்தில் நிற்கிறாள். பின்புறமிருந்து ஓசையின்றி ஒரு மின்சாரச் சைக்கிள் வருகிறது. முகத்தை மூடிய இளைஞன் ஒருவன் கையை நீட்டுகிறான். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தச் சைக்கிள் பஸ் வண்டிகளுக்கிடையே மறைந்துவிடுகிறது. அவளைச் சுற்றி நூறு பேர் நிற்கிறார்கள். ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டாருடைய தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கின் திறவுகோல், சேர்த்து வைத்த படங்கள், எழுதி வைத்த குறிப்புகள் அத்தனையும் அந்தக் கையோடு போய்விட்டன.

இது ஒரு பெண்ணுக்கு மாத்திரம் நேர்ந்த கதையன்று. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கி 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முடியவுள்ள ஓராண்டில், இலண்டனில் ஏறத்தாழ 1,06,000 கைத்தொலைபேசிகள் களவு போனதாகப் பொலிசாரிடம் முறையிடப்பட்டது. நகரின் மையப் பகுதியாகிய வெஸ்ட்மின்ஸ்டரிலேதான் இந்தக் களவு மிகுதி. நாடகசாலைகளும் கடைத்தெருக்களும் உல்லாசப் பயணிகளும் நிறைந்த பகுதி அது. ஏன் இந்தப் பெருக்கம்? ஏன் அந்த இடம்? ஏன் அந்தப் பொருள்? இக்கேள்விகளுக்குக் குற்றவியல் அறிஞர்கள் கூறும் விடையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

களவு பெருகியது என்று கேட்டவுடன், மனிதர் கெட்டுப்போயினர், ஒழுக்கம் குன்றிவிட்டது, வறுமை மிகுந்துவிட்டது என்று காரணம் கூறுவது உலக வழக்கு. இவற்றில் உண்மை சிறிதுமில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒழுக்கக் குறைவு சில ஆண்டுகளுக்குள் இரட்டிப்பதில்லை. வறுமைதான் காரணமென்றால் வறியவர் வாழும் தெருக்களிலன்றோ களவு மிகவேண்டும்? செல்வர் உலாவும் தெருவிலே, அதுவும் குறித்த சில மணி நேரத்திலே, அதுவும் ஒரே ஒரு பொருளைக் குறிவைத்து ஏன் நிகழவேண்டும்? மனிதனுடைய உள்ளத்தை மாத்திரம் ஆராய்ந்தால் இதற்கு விடை கிடையாது. அவன் நிற்கும் இடத்தையும், அவன் கண்ணிற்படும் பொருளையும், அவனைத் தடுக்கக்கூடியவர் அங்கே உளரா என்பதையும் சேர்த்து ஆராயவேண்டும்.

இவ்வாறு ஆராயும் வழியை 1979ஆம் ஆண்டில் லோரன்ஸ் கோகன், மார்கஸ் பெல்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வகுத்தனர். அவர்களுக்கு முன்னே ஒரு புதிர் நின்றது. இரண்டாவது உலக யுத்தத்தின் பின்னர் அமெரிக்காவில் வருமானம் உயர்ந்தது, கல்வி பரவியது. ஆயினும் களவும் கொள்ளையும் குறையாமல் ஏறிக்கொண்டே சென்றன. வறுமைதான் குற்றத்தின் தாய் என்றால் செல்வம் பெருகும்போது குற்றம் குறையவேண்டுமே! அவ்விருவரும் குற்றவாளியை விட்டுவிட்டு, சாதாரண மக்களின் நாளாந்த வாழ்க்கையைப் பார்த்தனர். பெண்கள் தொழிலுக்குச் செல்லத் தொடங்கினர். பகல் வேளையில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீடுகளில் இருந்த பொருள்களோ எளிதில் தூக்கிச் செல்லக் கூடியனவாக மாறின. ஒரு விற்பனை நிறுவனத்தின் விலைப்பட்டியலை அவர்கள் சான்றாகக் காட்டினர். 1960ஆம் ஆண்டில் மிக இலேசான தொலைக்காட்சிப் பெட்டியின் நிறை 38 இறாத்தல். 1970ஆம் ஆண்டில் அது 15 இறாத்தலாகக் குறைந்துவிட்டது. இருவர் சேர்ந்து சுமக்கவேண்டிய பொருளை ஒருவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம் என்றாயிற்று.

இதிலிருந்து அவர்கள் கண்ட முடிவு எளிமையானது. ஒரு களவு நிகழ்வதற்கு மூன்று சேரவேண்டும். களவெடுக்க மனமுள்ள ஒருவன். அவனுக்கு ஏற்ற ஒரு பொருள். அதனைக் காப்பதற்கு வல்லவர் எவரும் அருகில் இல்லாமை. இம்மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால் குற்றம் பிறக்கும். ஒன்று விலகினாலும் பிறவாது. மனமுள்ளவர்களின் தொகை சற்றும் கூடாமலே, இம்மூன்றும் சந்திக்கும் சந்தர்ப்பங்கள் கூடுவதனால் மாத்திரம் குற்றம் பெருகக்கூடும். இதனை நாளாந்த நடவடிக்கைக் கொள்கை என்பர். மக்கள் எப்பொழுது எழுகிறார்கள், எங்கே செல்கிறார்கள், எதனைக் கையில் கொண்டு செல்கிறார்கள் என்பவையே குற்றத்தின் அளவையும் இடத்தையும் பெரிதும் நிர்ணயிக்கின்றன என்பது இதன் சாரம்.

இங்கே காவல் என்னும் சொல்லைச் சற்றுக் கவனிக்கவேண்டும். காவல் என்றதும் பொலிஸ் உத்தியோகத்தரே நம் நினைவுக்கு வருகிறார். கோகனும் பெல்சனும் கருதிய காவலர் பெரும்பாலும் சாதாரண மனிதரே. திண்ணையில் இருக்கும் பாட்டி, கடைவாசலில் நிற்கும் முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர், கூட வரும் நண்பர் ஆகியோரே நாள் முழுவதும் களவைத் தடுப்பவர்கள். கிராமத்து ஒழுங்கையில் புதிதாக ஒருவன் நுழைந்தால், “தம்பி, யாரைத் தேடுகிறீர்?” என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல்தான் காவல்.

நெரிசல் மிக்க நகரத்தில் கண்கள் பல்லாயிரம் உண்டு. அந்தக் குரல் மாத்திரம் இல்லை. புகையிரத நிலைய வாசலில் நிற்கும் நூறு பேரும் ஒருவரையொருவர் அறியார். யார் எவருடைய பொருளை எடுக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. முட்டி மோதுவது அங்கே இயல்பாகையால், ஒருவன் நெருங்கி வருவதும் சந்தேகத்தைத் தருவதில்லை. வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணுகிறார்கள். அதற்கும் மேலாக, அவர்களிற் பலர் தத்தம் தொலைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே, களவு போகும் பொருளே காவலரின் கண்ணையும் கட்டிவிடுகிறது. கூட்டம் இருக்கும் இடத்தில் பாதுகாப்பு உண்டு என்ற பழைய நம்பிக்கை இங்கே பொய்த்துவிடுவதன் காரணம் இதுவே.

இனிப் பொருளைப் பார்ப்போம். எல்லாப் பொருளும் ஒரே அளவில் களவு போவதில்லை. அரிசி மூட்டைக்கும் விலையுண்டு. அதைப் பறித்துக்கொண்டு ஓடுவார் இல்லை. 1999ஆம் ஆண்டில் றொனால்ட் கிளாக் என்னும் அறிஞர், கள்வர் மிக விரும்பும் பொருள்களுக்கு ஆறு இயல்புகள் உண்டு என்று கூறினார். மறைக்க எளிதாதல், எடுத்துச் செல்ல எளிதாதல், எங்கும் கிடைத்தல், விலைமதிப்புடைமை, வைத்திருப்பவர்க்கு இன்பம் தருதல், விற்றுக் காசாக்க எளிதாதல் என்பன அவை. இந்த ஆறையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு உலகிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால், கைத்தொலைபேசியைப் போல ஆறிலும் தேறுவது வேறொன்றைக் காண்பது அரிது. சட்டைப் பையில் மறைகிறது. நிறை அரை இறாத்தல் அளவே. ஆளுக்கொன்று இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் விலையுடையது. இவற்றுக்குமேல், நகைபோலப் பெட்டியில் பூட்டி வைக்கப்படாமல், வீதியிலே எல்லாரும் காணக் கையில் ஏந்திச் செல்லப்படுகிறது.

பொருளும் இடமும் இவ்வாறு அமைந்திருக்க, அவற்றைக் காணும் மனிதன் எவ்வாறு முடிவு செய்கிறான்? இதற்கு விடை கூறுவது பகுத்தறிவுத் தெரிவுக் கொள்கை. மேலே சொன்ன கிளாக் அவர்களும் டெரெக் கோர்னிஷ் என்பவரும் 1980களின் நடுப்பகுதியில் இதனைக் குற்றவியலுக்கு ஏற்றவாறு வகுத்தனர். குற்றம் புரிபவனும் நம்மைப்போலவே கணக்குப் பார்ப்பவன். கிடைக்கும் ஊதியம் என்ன, முயற்சி எவ்வளவு, அகப்படும் ஆபத்து எவ்வளவு என்று அவன் எண்ணிப் பார்க்கிறான். அவன் கணக்கு ஒரு வணிகரின் கணக்கைப்போல நிறைவானதன்று. அவசரத்திலும் அரைகுறை அறிவிலும், சில வேளைகளில் மதுவின் மயக்கத்திலும் போடும் கணக்கு அது. ஆயினும் அது கணக்கே. ஆதலால் கணக்கின் உறுப்புகளை மாற்றினால் விடையும் மாறவேண்டும்.

இதற்கு மேற்கு ஜெர்மனியில் நிகழ்ந்த ஒன்று அழகான சான்றாக உள்ளது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணியவேண்டும் என்ற சட்டம் அங்கே முன்னரே இருந்தது. 1980ஆம் ஆண்டில், அணியாதவரை வீதியிலேயே நிறுத்தித் தண்டப்பணம் அறவிடும் முறை வந்தது. உயிர்ச்சேதத்தைக் குறைக்க வந்த முறை அது. களவைப்பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த ஆண்டில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் களவு, 1986ஆம் ஆண்டில் 54 ஆயிரமளவுக்கு இறங்கிவிட்டது. காரணம் வெளிப்படை. வழியிலே நிற்கும் சைக்கிளைக் கண்டு ஆசைப்படுபவன் கையில் தலைக்கவசம் கொண்டு திரிவதில்லை. கவசமின்றி ஏறினால் அடுத்த சந்தியிலேயே அகப்படுவான். கள்வரின் மனம் திருந்தவில்லை, கணக்கு மாறிற்று. அவர்கள் அனைவரும் மோட்டார்க் காரைத் திருடப் போய்விட்டார்களோ என்று ஆராய்ந்தபோது, கார்க் களவிலே அந்தக் குறைவை ஈடுசெய்யுமளவு உயர்வு காணப்படவில்லை.

இவ்விரு கொள்கைகளையும் கையிற்கொண்டு மீண்டும் இலண்டன் வீதிக்குச் செல்வோம். மின்சாரச் சைக்கிளில் வந்த இளைஞனின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதலில் முயற்சி. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருவன் ஒரே காலைப் பொழுதில் 24 தொலைபேசிகளைப் பறித்தான். சைக்கிள் நடைபாதையிலும் ஏறும். காருக்கு வழியில்லாத சந்திலும் நுழையும். அடுத்தது ஊதியம். வீதியில் பறிப்பவனுக்கு ஒரு தொலைபேசிக்கு 300 பவுண் வரை கிடைத்தது என்று பொலிசார் கூறினர். அந்த மேல்விலை பாதியாகக் குறைந்தாலும், 24 தொலைபேசிகளுக்கு 3,600 பவுண் ஆகிறது. ஒரு காலைப்பொழுதின் வரும்படி! மூன்றாவது ஆபத்து. முன்னே குறிப்பிட்ட 1,06,000 களவுகளுக்காக அந்த ஓராண்டில் வழக்குத் தொடரப்பட்டவர்களும் எச்சரிக்கப்பட்டவர்களும் சேர்ந்து 495 பேர் மாத்திரமே.

இந்த எண்ணை நிதானமாகப் படிக்கவேண்டும். இருநூறு களவுக்கு ஒருவரே அகப்பட்டார் என்று அவசரப்பட்டு முடிவு செய்தல் தவறு. அகப்பட்ட ஒருவனே நூறு களவு செய்திருக்கலாம். அந்த 24 தொலைபேசி பறித்தவனும் அகப்பட்டான். இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றான். நாள்தோறும் களவு செய்பவன் என்றோ ஒரு நாள் சிக்குவான். ஆனால் இன்றைக்கு இந்த ஒரு தொலைபேசியைப் பறித்தால் சிக்குவேனா என்று வீதியோரத்தில் அவன் கேட்கும் கேள்விக்கு, இல்லை என்பதே ஏறக்குறைய நிச்சயமான விடை. இரண்டு ஆண்டுத் தண்டனையை ஐந்து ஆண்டாக்கினாலும் அந்த விடை மாறாது. தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயமே கள்வன் கணக்கில் பெரிதாக நிற்கிறது என்று இத்துறையினர் மீண்டும் மீண்டும் கூறுவதன் பொருள் இதுதான்.

நேரமும் இடமும்கூட இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. நிலைய வாசலில் மக்கள் தொலைபேசியைக் கையிலெடுக்கிறார்கள். அங்கேதான் வழி தெரியாதவர் நிற்கிறார். அங்கேதான் நண்பருக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று செய்தி அனுப்புகிறார்கள். அந்தக் கணத்தில் தொலைபேசி பூட்டவிழ்ந்த நிலையில் இருக்கிறது. பூட்டவிழ்ந்த தொலைபேசி கள்வனுக்குப் பன்மடங்கு பெறுமதியானது. வங்கிக் கணக்கிற்குள் நுழையலாம். பழைய சொந்தக்காரரின் பெயரை அகற்றிப் புதிய பொருளாக விற்கலாம்.

இவ்வளவும் வீதியில் நிகழ்வது. ஆயினும் எவரும் வாங்காத பொருளை எவனும் பறிக்கமாட்டான். ஆறு இயல்புகளில் இறுதியானதாகிய விற்றுக் காசாக்கல் என்பதே மற்ற ஐந்தையும் தாங்கி நிற்கும் அச்சாணி. தொலைபேசிக் களவின் இருபத்தைந்து ஆண்டு வரலாறு, அந்த அச்சாணியைக் கழற்ற முயன்ற வரலாறே எனலாம்.

அதன் முதலாவது கட்டம் 2000ஆம் ஆண்டையொட்டியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவ்வாண்டில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட தொலைபேசிகள் களவு போயிருக்கலாம் என்று அரசாங்க ஆய்வொன்று மதிப்பிட்டது. பறிகொடுத்தவரிலும் பறித்தவரிலும் பெருந்தொகையினர் பதின்ம வயதுப் பிள்ளைகள். அக்காலத்தில் களவெடுத்த தொலைபேசியில் வேறொரு அட்டையைச் செருகினால் உடனே பேசலாம். ஒவ்வொரு தொலைபேசிக்கும் 15 இலக்கங்கொண்ட தனி அடையாள எண் ஒன்று உண்டு. *#06# என்று அழுத்தினால் எவரும் தம்முடைய தொலைபேசியின் எண்ணைக் காணலாம். களவுபோன எண்களைச் சேவை நிறுவனங்கள் ஒரு பட்டியலில் இட்டு, அந்தத் தொலைபேசிகளுக்குத் தொடர்பு வழங்காது மறுக்கும் முறை 2002ஆம் ஆண்டில் அங்கே ஏற்பட்டது. உடனே சந்தையிலே எண்ணை மாற்றிக் கொடுக்கும் தொழில் தலையெடுத்தது. அவ்வாறு மாற்றுவதை ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிப் பிரித்தானியப் பாராளுமன்றம் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது.

இரண்டாவது கட்டம் 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வந்தது. அப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களில் புதிய பூட்டொன்றை அமைத்தது. அதன்படி, சொந்தக்காரருடைய இரகசியச் சொல் இல்லாமல் எவரும் அந்தத் தொலைபேசியை அழித்துப் புதிதாகத் தொடங்க முடியாது. அடுத்த பன்னிரண்டு மாதங்களில் ஐபோன் களவு சான்பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கு 40 வீதமும் நியூயோர்க்கில் நூற்றுக்கு 25 வீதமும் குறைந்ததாக அதிகாரிகள் 2015ஆம் ஆண்டில் அறிவித்தனர். கலிபோர்னியா மாநிலத்தில் இத்தகைய பூட்டு 2015ஆம் ஆண்டு ஜூலை முதல் சட்டத்தால் கட்டாயமாயிற்று. கொள்கை கூறியபடியே நிகழ்ந்தது. ஊதியம் குறைந்தது, களவும் குறைந்தது.

அப்படியானால் பின்னர் ஏன் மீண்டும் பெருகிற்று? பூட்டு உடைந்துவிடவில்லை, பூட்டைச் சுற்றிப் போகும் வழிகள் மூன்று கண்டுபிடிக்கப்பட்டன. சொந்தக்காரரிடமிருந்தே இரகசியத்தைப் பெறுவது முதலாவது வழி. மதுச்சாலையில் அருகிலிருந்து அவர் விரல் அழுத்தும் எண்களைப் பார்த்துவிட்டுப் பின்னர் பறிக்கிறார்கள். அல்லது உமது தொலைபேசி கிடைத்துவிட்டது என்று பொய்ச் செய்தி அனுப்பி இரகசியச் சொல்லைக் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டாவது வழி உடைத்து விற்பது. திரை, புகைப்படக் கருவி, உட்பலகை என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. மூன்றாவது வழி நாடு கடத்துவது. பிரித்தானியாவில் தடுக்கப்பட்ட அடையாள எண், அந்தத் தடைப் பட்டியலில் சேராத நாட்டிலே தடுக்கப்படுவதில்லை. சீனாவின் சேவை நிறுவனங்கள் பல அதிற் சேரவில்லை. ஆகவே, இலண்டனில் வெறும் கல்லாகிவிட்ட தொலைபேசி அங்கே போனதும் மறுபடி உயிர் பெறுகிறது. ஷென்ஷென் நகரத்தில் மேல்நாடுகளிலிருந்து வரும் பழைய ஐபோன்கள் குவியும் கட்டடம் ஒன்றில், களவுபோன தொலைபேசிகளும் வந்து சேர்வதாக 2025ஆம் ஆண்டில் செய்தி வெளியாயிற்று.

இந்த மூன்றாவது வழி எவ்வளவு அகன்றது என்பதை ஒரு நிகழ்ச்சி வெளிப்படுத்தியது. 2024ஆம் ஆண்டு, நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள். தொலைபேசியைப் பறிகொடுத்த ஒருவர், அது அனுப்பிய இடக்குறிப்பைத் தொடர்ந்து, ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு பண்டகசாலையைக் கண்டறிந்தார். அங்கே ஹொங்கொங்குக்கு அனுப்புவதற்காக வைக்கப்பட்டிருந்த பெட்டியைத் திறந்தபோது, அவருடைய தொலைபேசியோடு மேலும் 894 தொலைபேசிகள் இருந்தன. அந்தப் பெட்டியின் தடத்தைப் பின்பற்றிய பொலிசார், பின்னர் ஒரு காரினுள் ஈயத்தாள் போன்ற உலோகத்தாளில் சுற்றிய தொலைபேசிகளைக் கண்டனர். உலோகத்தாள் சமிக்ஞையை மறைக்கும். இருக்குமிடத்தை அவை அறிவிக்க இயலாது. ஓராண்டுக்குள் இந்தக் கூட்டம் 40,000 வரையான தொலைபேசிகளைச் சீனாவுக்குக் கடத்தியிருக்கலாம் என்று பொலிசார் கூறினர். வீதியில் 300 பவுணுக்கு வாங்கப்பட்ட பொருள் அங்கே 4,000 பவுண் வரை விலைபோனது என்றும் சொல்லப்பட்டது.

இங்கே நம் இளைஞன் மீண்டும் நினைவுக்கு வருகிறான். அவன் பெறும் 300 பவுண் பெரும் வணிகமொன்றின் மிகச் சிறிய பங்கு. ஆனால் முகத்தைக் காட்டுவதும் ஓடுவதும் சிறைக்குப் போவதும் பெரும்பாலும் அவன் பங்கே. ஏற்றுமதி செய்பவனுக்கும் ஒரு கணக்கு உண்டு. பெட்டியை எவரும் திறக்காத வரையில் அந்தக் கணக்கு மிகவும் இலாபமானது. வீதியிலே ஒருவனைப் பிடித்தால் அந்த இடத்துக்கு வேறொருவன் வருவான். வாங்குபவன் கணக்கு நட்டப்பட்டால் வீதியிலுள்ள அத்தனை பேரின் கணக்கும் ஒருங்கே நட்டப்படும்.

ஆகையால்தான் காவல் என்பதன் பொருளும் விரிந்துகொண்டு போகிறது. தொலைபேசியைச் செய்பவரே அதற்குக் காவலராகவும் வேண்டும் என்ற கருத்து வலுத்துள்ளது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பிள் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, வீடு, தொழிலகம் முதலிய பழகிய இடங்களுக்கு வெளியே வைத்து இரகசியச் சொல்லை மாற்ற விரும்புபவர் தம் முகத்தையோ விரலையோ காட்டவேண்டும். அதன்பின் ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் காட்டவேண்டும். மதுச்சாலையில் எண்ணைப் பார்த்து வைத்தவனுக்கு இது பெருந்தடை. அதே ஆண்டில் கூகிள் நிறுவனம், கையிலிருந்து பறிக்கப்படும் அசைவை உணர்ந்து தானாகவே திரையைப் பூட்டும் முறையைத் தந்தது. இவை முதலாவது வழியை அடைப்பன. மூன்றாவது வழி இவற்றால் அடைபடாது. களவுபோன தொலைபேசி உலகில் எந்த நாட்டிலிருந்தும் தங்கள் சேவைக்குள் நுழையாதவாறு அந்நிறுவனங்களே தடுக்கவேண்டும் என்று இலண்டன் பொலிசார் கேட்டனர். 2025ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவொன்றும் அந்நிறுவனங்களை அழைத்து இதைப்பற்றி விசாரித்தது. பொய் முறைப்பாடு செய்து பிறருடைய தொலைபேசியை முடக்கும் மோசடிக்கு இது இடந்தரும் என்ற மறுப்பும் எழுந்தது. அந்த மறுப்பைப் புறக்கணிக்க முடியாது. சொந்தக்காரர் யார் என்று உறுதிசெய்யும் முறை இல்லாமல் இத்தகைய தடையைக் கொண்டுவரவும் முடியாது.

இக்கொள்கைகளின் எல்லையையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. ஒரே வீதியில் வளர்ந்த இருவரில் ஒருவன் பறிக்கவும் மற்றவன் பறிக்காமலிருக்கவும் காரணம் யாது என்று இவை கூறமாட்டா. மனமுள்ளவன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டே இவை தொடங்குகின்றன. அவனை அப்படி ஆக்கிய வீட்டையும் பள்ளியையும் வேலையின்மையையும் ஆராய வேறு கொள்கைகள் வேண்டும். எண்களைப் படிப்பதிலும் விழிப்பு வேண்டும். இலண்டனில் 2020ஆம் ஆண்டுக்கும் 2024ஆம் ஆண்டுக்குமிடையில் தொலைபேசிக் களவு ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று என்ற கணக்கு அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. 2020ஆம் ஆண்டோ கொரோனாத் தொற்றினால் மக்கள் வீட்டுக்குள் அடங்கியிருந்த ஆண்டு. நிலைய வாசலில் ஆளில்லை. ஆளில்லாதபோது பறிக்கத் தொலைபேசியும் இல்லை. அந்த ஆண்டின் குறைவு நாளாந்த நடவடிக்கைக் கொள்கைக்கு நல்ல சான்றாகும். ஆனால் அதனை அடிப்படையாக வைத்து உயர்வை அளப்பவர், உயர்வைப் பெரிதாக்கியே காண்பார்.

அவ்வாறே, ஓர் ஏற்பாடு பலித்ததா என்று அறிவதற்கும் ஒரு முறை உண்டு. காவல் கூட்டிய வீதியில் களவு குறைந்தது என்பது மாத்திரம் போதாது. பக்கத்து வீதியில் கூடியதா, கைப்பைக் களவாக மாறியதா, நேரம் மாறியதா என்று பார்க்கவேண்டும். மேற்கு ஜெர்மனியில் அறிஞர்கள் கார்க் களவையும் சேர்த்து எண்ணிப் பார்த்தது இதற்காகவே.

பறிகொடுத்த பெண்ணின்மேல் பழிசுமத்தவும் இக்கொள்கைகளில் இடமில்லை. அவள் தன் பொருளைத் தன் கையில் வைத்திருந்தாள். அது அவள் உரிமை. ஆயினும் கள்வன் கணக்கில் ஓர் எண்ணையாவது மாற்ற அவளால் இயலும். வீதியின் ஓரத்தை விட்டுச் சுவர்ப்பக்கம் ஒதுங்கி நின்று பார்த்தால் சைக்கிளில் வருபவன் கை எட்டாது. 15 இலக்க எண்ணை வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், முறையிட்டதும் விரைவில் தடை விழும். இவை சிறியவை. பெரிய மாற்றம் பண்டகசாலையிலும், சேவை நிறுவனங்களின் பட்டியலிலும், தொலைபேசி செய்பவரின் தொழிற்கூடத்திலும் நிகழவேண்டியது.

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பது நம்மவர் பழமொழி. பானையைப் பார்த்துக்கொண்டு மூடியைத் தட்டுவதால் பயனில்லை. இலண்டன் வீதியில் கொதிப்பது அந்த இளைஞனின் சைக்கிள். எரிவது அவன் கொண்டுவரும் பொருளுக்குக் காத்திருக்கும் விலை. அந்த விறகைப் பிடுங்கும் நாளில், நிலைய வாசலில் நிற்கும் பெண் தன் வழியை அச்சமின்றிப் பார்ப்பாள். அந்த இளைஞனுக்கும் சிறைக்குப் போகும் வழிகளில் ஒன்று அடைபடும்.